வேண்டியதில் பாதி

லேத்துக்காரருக்குப் பட்டறையில் மைக்ரான் என்று பெயர், மில்லிமீட்டரை ஆயிரமாக்கினால் அதில் ஒன்று. அவரே வைத்துக்கொண்ட பெயர் இல்லை, ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால் முகம் கொஞ்சம் மலரும். முப்பது வயதில் வந்தவர், இப்போது ஐம்பத்தெட்டு. அளவு தவறிப் போன வேலை என்று அவர் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் அவரிடம் பேச்செடுத்துவிடக் கூடாது.

பேச்செடுக்காமலே அது போன வாரம் அவர் முன்னால் வந்து நின்றது. மில்லிங் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய தங்கையின் கணவர். முழங்கால் மக்கர் பண்ணியதால் மாதக் கடைசியில் ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார். புது ஆள் இன்னும் வரவில்லை. பழைய முதலாளியின் மகன் ஒரு கியர்பாக்ஸ் உறையைக் கொண்டுவந்து வைத்து, "ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கணும், நீங்களே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மைக்ரான் தயங்கித் தயங்கி அலமாரிப் பக்கம் போனார். மாப்பிள்ளையின் அலமாரிச் சாவி கையில் இருந்தது. உள்ளே மரப்பெட்டி, பெட்டிக்குள் போரிங் ஹெட். மெஷினோடு சுற்றிச் சுற்றி ஓட்டையை அகலமாக்குகிற சாமான் அது. பக்கத்தில் ஒரு சின்ன டயல் இருக்கும், அதைத் திருகினால் வெட்டுகிற உளி வெளிப்பக்கம் நகரும். அந்தப் பெட்டியை அவர் தொட்டு இருபத்து நாலு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை லீவு போட்ட நாட்களில் வேலை காத்துக் கிடந்ததே தவிர, மைக்ரான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

கடைசியாகத் தொட்ட அன்றைக்கு என்ன திமிர் அவருக்கு! தங்கைக்குப் பிரசவ வலி எடுத்து மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டார். மெஷினில் பாதி வேலையோடு ஒரு வார்ப்பு உறை. அதன் மேல் மாப்பிள்ளையின் கோணல் எழுத்தில் சாக்பீஸால் 61.60 என்று எழுதியிருந்தது. அறுபத்திரண்டு மில்லிமீட்டர் பேரிங் உட்கார வேண்டிய இடம். பழைய முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இந்த உறைக்காக ஒரு ஆலையே நின்று போயிருந்தது, வேறு உறையும் கிடையாது.

"இதுக்கா இவ்வளவு யோசனை? தள்ளுங்க, நான் முடிக்கிறேன்" என்றார் மைக்ரான்.

ஓட்டையை அவரும் அளந்தார். 61.60 சரியாகவே இருந்தது. இன்னும் நாற்பது வேண்டும், அதாவது மில்லிமீட்டரை நூறாக்கினால் அதில் நாற்பது. அவருடைய லேத்தில் டயலை நாற்பது கோடு திருகினால் விட்டத்தில் நாற்பது குறையும், அதற்கேற்ற மாதிரிதான் கோடு போட்டிருந்தார்கள். வருஷக்கணக்கில் கைக்குப் பழகிய கணக்கு அது. யோசிக்கவே இல்லை. நாற்பது கோடு திருகினார், பூட்டுத் திருகை இறுக்கினார், ஓட்டினார். பேரிங்கை எடுத்து வைத்தபோது அது உள்ளே விழுந்து டங்கென்று சத்தம் போட்டது.

அளந்து பார்த்தால் 62.40. நாற்பது கேட்ட இடத்தில் எண்பது போயிருக்கிறது. வேர்த்து விறுவிறுத்துப் போய் டயலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே போயிருந்த முதலாளி திரும்பி வரும் காலடி கேட்டது. கையில் துடைக்கிற துணி இருந்தது. அதன் பிறகு அவர் செய்ததை இருபத்து நாலு வருஷம் ஒருவரிடமும் சொன்னதில்லை. சாக்பீஸ் எழுத்தை அழித்துவிட்டார். மாப்பிள்ளை சரியாகத்தான் விட்டுப்போனார் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

முதலாளி பேரிங்கை ஆட்டிப் பார்த்து, "அவசரத்துல உங்க மாப்பிள்ளை முன்னாடியே பெருசா வெட்டிட்டுப் போயிட்டாரா? வரட்டும், பேசிக்கிறேன்" என்றார்.

மைக்ரான் துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாப்பிள்ளை வராந்தாவில் துணிச் சுருட்டல் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். "பொண்ணு மச்சான். இந்தாங்க, நீங்க பிடிங்க."

மைக்ரான் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். "மாப்பிள்ளை, உங்க வேலையக் கெடுத்துட்டேன்" என்றார்.

"எத்தனை கோடு திருகுனீங்க?"

"நாப்பது."

"எண்பது போயிருக்குமே."

"எப்படித் தெரியும்?"

"என் டயல் உளி ஒரு பக்கம் எவ்வளவு நகருதுன்னு மட்டும்தான் மச்சான் காட்டும். அது சுத்தி வர்றப்ப எல்லாப் பக்கமும் அவ்வளவு வெட்டும்ல. விட்டத்துல ரெண்டு மடங்கு. இருபதுதான் திருகியிருக்கணும்." சிரிக்கவில்லை அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல, எழுபதுக்கு வெட்டி உள்ள ஒரு புஷ் அடிச்சிடலாம். புஷ்ஷை நீங்க கடைஞ்சு குடுங்க, உங்க கைக்கு ஈடா யாரு இருக்கா?" என்றார்.

மறுநாள் காலையில் மைக்ரான் எல்லார் முன்னாலும் முதலாளியிடம் போய், கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டார். முதலாளி திட்டவில்லை, நம்ப மாட்டாமல் பார்த்தார். அது திட்டியதைவிட உறைத்தது. புஷ் என்கிற இரும்பு வளையத்தை ஓட்டைக்குள் அடித்து, அதன் உள்ளே அறுபத்திரண்டுக்கு வெட்டினார்கள், ஆலை ஓடியது. தங்கை மகளுக்கு வீட்டில் எத்தனையோ அழகான பெயர் வைத்தார்கள். மைக்ரான் மட்டும் இன்று வரை அவளை இருபது என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் ஏன் மாமா என்று கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டாள்.

எல்லாம் சரியாயிற்று, அழித்த எழுத்து மட்டும் சரியாகவில்லை. பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் கையில் அந்தத் துணி இருப்பது போலவே இருக்கும்.

இப்போது வேறு வழியில்லை. பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் பழுத்துப்போன அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி மருந்து டப்பாவிலிருந்து கிழித்தது, ஓரத்தில் மருந்தின் பெயர்கூடப் பாதி தெரிந்தது. அதே கோணல் எழுத்து: "மச்சான், வேண்டியதில் பாதி திருகுங்க. முதல்ல கொஞ்சம் வெட்டி அளந்துக்கோங்க."

மைக்ரான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஓட்டையை அளந்தார், 71.50. எழுபத்திரண்டு வேண்டும், அப்படியானால் ஐம்பது. அதில் பாதி இருபத்தைந்து கோடு. முதலில் இருபது மட்டும் திருகி, பூட்டுத் திருகை இறுக்கி வெட்டினார். 71.90. டயல் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மீதி ஐந்தையும் திருகினார். பேரிங் கையால் அழுத்த வழுக்கிப் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"அந்த அட்டையை எப்ப ஒட்டுனீங்க?"

"ஓ, இப்பதான் திறந்தீங்களா? ரொம்ப சுறுசுறுப்பு மச்சான். பொண்ணு பொறந்த மூணாம் நாள் ஒட்டுனது."

"வாயத் திறந்து சொல்லலாம்ல?"

"சொன்னா நீங்க கோவிச்சுப்பீங்க. என்னைக்காவது திறப்பீங்கன்னு விட்டுட்டேன்."

மைக்ரான் பட்டறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். யாரும் பக்கத்தில் இல்லை. "மாப்பிள்ளை, அன்னைக்கு நான் இன்னொண்ணும் பண்ணேன். உறை மேல நீங்க எழுதியிருந்த அளவை..."

"அழிச்சீங்க. தெரியும்."

"தெரியுமா?"

"மறுநாள் வந்ததும் முதல்ல அதத்தான பார்த்தேன். நான் எழுதுன இடத்துல துணியால தேய்ச்ச தடம் இருந்துச்சு. கேக்கலாம்னு திரும்புறேன், நீங்க எல்லார் முன்னாடியும் நின்னு முதலாளிகிட்ட சொல்லிட்டு இருக்கீங்க. அப்புறம் எனக்குக் கேக்க என்ன இருக்கு?"

மைக்ரான் கண்ணைத் துடைக்கத் துணியைத் தேடினார், எண்ணெய்த் துணிதான் இருந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், இருக்கீங்களா? பேரிங் உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சு மாப்பிள்ளை" என்றார். போனை வைத்த பிறகு சாக்பீஸை எடுத்து, அந்த உறையின் மேல் 72.00 என்று பெரிதாக எழுதினார்.