முந்நூறு துளிகளில் பெய்த மழை

அந்தப் பெண் என் விளையாட்டுக்குள் எதையோ வைத்துவிட்டார் என்றுதான் முதலில் நம்பினேன். எலுமிச்சம்பழமும் குங்குமமும் அல்ல. கணினியில் வைக்கிற வகை. எங்கள் அலுவலகத்துப் பொதுக் கோப்புறைக்குள் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நுழைந்து, என் நிரலில் நாலு வரியைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார் என்று முழு மூன்று நாள் நம்பினேன். நாற்பத்தேழு வயது ஆம்பிளை. சத்தியமாக நம்பினேன்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பெல்மதுளைச் சந்தியில், மாணிக்கக்கல் பட்டை தீட்டுகிற கடைக்கு மேல்மாடி. கீழே சக்கரம் சுற்றினால் மேலே மேசை நடுங்கும். அங்கே நாலு பேர் உட்கார்ந்து கைப்பேசி விளையாட்டுகள் செய்கிறோம். முதலாளி சிங்களவர், நல்ல மனிதர், தமிழும் சிங்களமும் கலந்தே திட்டுவார். நான்தான் அங்கே மூத்தவன். அந்தப் பெண் வரும்வரை மூத்தவனாக இருப்பது சுகமான வேலையாக இருந்தது.

அவர் மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்காரர். பத்து வருடம் கொழுந்து மடுவத்தில், பெண்கள் பறித்துவரும் கொழுந்தை நிறுத்து எழுதுகிற வேலை பார்த்தவர். பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசியில் பாடம் பார்த்தே நிரல் எழுதக் கற்றிருக்கிறார். வந்த முதல் நாளே முதலாளிக்கு ஒரு பஸ் விளையாட்டைக் காட்டினார். தோட்டத்துப் பாதையில் பஸ் ஏறும், ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், கொண்டைஊசி வளைவில் கத்துவார்கள். முதலாளி பார்த்துவிட்டு "நியமயி!" என்றார். பிரமாதம் என்று அர்த்தம். எனக்கு ஆறு வருடத்தில் அவர் சொன்ன அதிகபட்சப் பாராட்டு "சரி, பரவால்ல".

அன்றைக்கு என் வயிற்றில் ஒன்று பற்றிக்கொண்டது. கஞ்சி குடித்தும் அணையவில்லை.

என்னிடம் இருந்தது கொழுந்து பறிக்கிற விளையாட்டு. செடியைத் தொட்டால் ஐந்து கொழுந்து பறந்து கூடைக்குள் விழும். ஆறு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன். சிறுவர்களுக்கான விளையாட்டுகளை வெளியிடும் கொழும்பு நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வெள்ளிக்கிழமை வருவதாக முதலாளி சொன்னார். இரண்டு விளையாட்டையும் பார்ப்பார், ஒன்றைத்தான் எடுப்பார். எடுக்கப்பட்டதன் சொந்தக்காரர் அந்த வேலைக்குத் தலைமை. மற்றவர் அவருக்கு உதவி. அதாவது நான் தோற்றால், மடுவத்திலிருந்து வந்தவரிடம் போய், "தங்கச்சி, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டு நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை முதலாளி தன் பழைய மலிவுக் கைப்பேசியை நீட்டினார். "அந்த மேடம்கிட்டயும் இந்த மாதிரி போன்தான். இதுல போடுங்க." அந்தப் பெண்ணின் பஸ் வெண்ணெய் மாதிரி ஓடியது. என் கொழுந்து? இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை அப்படியே நின்றது. விக்கல் எடுத்தவன் பேசுகிற மாதிரி. கூடைக்குப் போக வேண்டிய கொழுந்து பாதி வழியில் தொங்கியது, பிறகு குபுக்கென்று விழுந்தது.

"அண்ணே, மே மொகத?" என்றார் முதலாளி. "இது என்ன? ஏன் நிக்குது, ஏன் ஓடுது?"

"போன் சூடாயிருச்சுங்க சேர்," என்றேன். அதே சூட்டில் பஸ் ஓடியதை அவரும் பார்த்திருந்தார்.

கைப்பேசி ஒரு வினாடிக்கு அறுபது படம் வரைகிறது. ஒவ்வொரு படத்துக்கும் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய பதினாறு மில்லிவினாடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் அடுத்த படம் தாமதமாகும். கண்ணுக்கு அது திக்கலாகத் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் என்ன செய்தேன்? யோசித்தேன். திக்கல் எப்போதிருந்து? அந்தப் பெண் வருவதற்கு முன்னால் இதே கைப்பேசியில் ஒழுங்காகத்தான் ஓடியது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை என் கோப்புறைக்குக் கடவுச்சொல் போட்டேன். என் மேசையைத் திருப்பி, திரை சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். தேநீர் குடிக்கப் போகும்போது கணினியை அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து என் நிரல் முழுவதையும் வரி வரியாகப் படித்தேன். எல்லாம் என் கையெழுத்து மாதிரிதான் இருந்தது. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது: என்னைப் போலவே எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார், கெட்டிக்காரி!

இடையில் பழிவாங்கவும் தவறவில்லை. அவருடைய பஸ் விளையாட்டை எடுத்து ஒரு மணிநேரம் ஆடினேன், ஓட்டை கண்டுபிடிக்க. கண்டுபிடித்தேன்! பச்சைச் சட்டை மீசைக்காரர் ஒருவர் கோவிலடியில் இறங்கினார். இரண்டு வளைவு தாண்டிச் சிவப்புச் சட்டையோடு அதே மீசைக்காரர் ஏறினார். நேரே முதலாளி முன்னாலேயே போட்டு உடைத்தேன்.

"சேர், இவங்க பஸ்ஸுல ஒரே ஆளு ஏழு தரம் ஏறுறான். மொத்தமே பன்னெண்டு பேர்தான். மத்தவங்க எல்லாம் லீவா?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆமாங்கண்ணே, பன்னெண்டே பேருதான். இறங்குனவங்கள மறைச்சு வச்சிட்டு, சட்டய மாத்தி அடுத்த ஹோல்ட்டுல நிறுத்துறேன். ஒவ்வொரு தரமும் புது ஆள உண்டாக்கி, இறங்குனதும் அழிச்சா போன் தாங்காதுங்க."

"அது சோம்பேறித்தனம்," என்றேன் கம்பீரமாக. "என் வெளயாட்டுல ஒவ்வொரு கொழுந்தும் புதுக் கொழுந்து."

இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயால்தான் மறுநாள் அதை விழுங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

புதன்கிழமை காலையில் பொறுமை போய்விட்டது. எல்லோர் முன்னாலும் கேட்டேன். "தங்கச்சி, மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. என் கோப்புறைக்குள்ள கைவச்சீங்களா இல்லயா?"

அவர் என்னைப் பார்த்தார். கொழுந்துச் சாக்கில் கல்லைப் போட்டுவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டவர்களைப் பத்து வருடம் பார்த்த பார்வை.

"அதுக்கு என்னயக் கேப்பானேண்ணே? யாரு எப்ப என்ன மாத்துனாங்கன்னுதான் எல்லாம் பதிவாகுதே. தொறங்க, பாப்பம்."

திறந்தேன். அவர் பெயரே இல்லை. எல்லா மாற்றமும் என் பெயரில். அவர் வேலைக்கு வந்த அன்று, மாலை நாலு பத்துக்கு, நான் எழுதிய குறிப்பு ஒன்று நின்றது: "மழை சேர்த்தேன். பஸ்ஸில் மழை இல்லை."

அன்று அவருக்கு "நியமயி" கிடைத்த பிறகு, அந்த எரிச்சலில், என் தோட்டத்தில் மழை பெய்ய வைத்திருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று புதுத் துளி. வினாடிக்கு நூற்றெண்பது. ஒவ்வொன்றும் தரையைத் தொட்டதும் அழிந்தது. என் மேசைக் கணினிக்கு அது தூசு. அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

அந்தக் குறிப்பை முதலாளி சத்தமாக வாசித்தார். இரண்டு தரம். சிரிப்பதற்காக ஒரு தரம், மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொல்ல ஒரு தரம்.

அந்தப் பெண் முதலாளியின் கைப்பேசியை என் கணினியோடு இணைத்து, ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் வரைபடத்தைத் திறந்தார். ஏற்கெனவே கோடு உயரத்தில்தான் ஓடியது, உண்டாக்குவதும் அழிப்பதுமே அவ்வளவு வேலை. அதற்கு மேல், இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை முள் மாதிரி ஒன்று குத்தி நின்றது.

"இந்த முள்ளுதாண்ணே உங்க விக்கல். அழிச்ச துளியெல்லாம் நினைவகத்துல குப்பையாக் கெடக்கும். குப்ப நெறஞ்சதும் அள்ளுறதுக்கு ஒருத்தர் வருவாரு. அவரு அள்ளி முடிக்கிறவரைக்கும் மத்த வேல எல்லாம் நிக்கணும்."

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த பாடத்தை எனக்கே சொல்லிக் கொடுக்கிறாரே என்ற எரிச்சலும், தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லையே என்ற எரிச்சலும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஏறின.

அவருடைய பன்னிரண்டு பயணிகளைத்தான் திருடினேன். வேறு சொல் இல்லை. விளையாட்டு தொடங்கும்போதே முந்நூறு துளியும் அறுபது கொழுந்தும் உண்டாக்கி மறைத்து வைத்தேன். துளி வேண்டுமென்றால் மறைவிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டு. தரையைத் தொட்டால் அழிக்காதே, மறைத்துத் திருப்பி வை. ஆட்டம் தொடங்கிய பிறகு புதிதாக எதுவும் பிறப்பதும் இல்லை, சாவதும் இல்லை. தொடக்கத்தில் திறக்க அரை வினாடி கூடுதலாகப் பிடித்தது, அவ்வளவுதான்.

வியாழன் காலை கைப்பேசியில் போட்டேன். விக்கல் போயிருந்தது. ஆனால் பாதிக் கொழுந்து கண்ணாடி மாதிரி மங்கலாக வந்தது, சில சுண்டைக்காய் அளவில் வந்தன, ஒன்று கூடைக்குப் போகாமல் சுழன்றுகொண்டே வானத்துக்குப் போனது. மறுபடியும் அவரைச் சந்தேகப்பட ஒரு கணம் வாய் திறந்ததை மறைக்க மாட்டேன்.

என் பின்னால் தண்ணீர் பிடிக்கப் போன அவர் நின்று பார்த்தார்.

"சாக்க உதறலையாண்ணே?"

"என்ன சாக்கு?"

"மடுவத்துல கொழுந்தக் கொட்டிட்டு சாக்கத் திருப்பிக் குடுப்பம்ல. உதறாமக் குடுத்தா நேத்துக் கொழுந்து அடியில ஒட்டிக்கிட்டு இன்னைக்கித் தராசுல ஏறும். உங்க கொழுந்தும் அப்படித்தான். கூடைக்குள்ள விழும்போது சின்னதாகி மங்குதுல்ல? அதே கோலத்துலயே உள்ள போயி அதே கோலத்துலயே வெளிய வருது."

என் அம்மா முப்பது வருடம் அந்தச் சாக்கைத் தலையில் சுமந்தவர். அந்த உதாரணம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதற்காகவும் அவர்மீது பொறாமைப்பட்டேன்.

மறைவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கொழுந்துக்கும் இடம், வேகம், சுழற்சி, அளவு, நிறம் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குத் திருப்பும் ஏழு வரி எழுதினேன். மத்தியானத்துக்குள் எல்லாக் கொழுந்தும் கொழுந்தாக வந்தது. மழையும் பெய்தது. முந்நூறே துளி, திரும்பத் திரும்ப. பார்க்கிறவனுக்கு அடைமழை. வரைபடத்தில் கோடு பதினாறுக்குக் கீழே தட்டையாகப் படுத்திருந்தது. முள் ஒன்றுகூட இல்லை.

"இப்பச் சொல்லுங்கண்ணே, ஒவ்வொரு துளியும் புதுத் துளியா?" என்றார்.

"வேலயப் பாருங்க தங்கச்சி," என்றேன்.

வெள்ளிக்கிழமை கொழும்பு அம்மா வந்தார். தன் கைப்பேசியில் இரண்டையும் ஆடினார். என்னுடையதைக் கொஞ்சம் அதிக நேரம்கூட ஆடினார். நான் வரைபடத்தையே நினைத்துக்கொண்டு அவர் விரலைப் பார்த்தபடி நின்றேன். பிறகு முதலாளியோடு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

என் விளையாட்டு ஒருமுறைகூடத் திக்கவில்லை. அவர்கள் பஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள்.