சாவி திருப்பாத ஆறு வாரம்

என் அக்காவைப் போல ஓர் அழுத்தக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பல்வலி வந்தால்கூடக் கன்னம் வீங்கிய பிறகுதான் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவள், பிசியோதெரபி படிக்கிற பெண்கள் தங்கும் விடுதியில் வார்டனாக இருந்துகொண்டு, தன் மணிக்கட்டு வலியை அந்தப் பெண்களிடமே மறைக்கப் பார்த்தாள். பொழுது விடிந்தால் பொழுது போனால் எலும்பும் தசையுமாகவே பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் அது. யாரிடம் போய் மறைக்கிறாள் பாருங்கள்!

அந்த விடுதியை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு இளகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் போவேன். வராந்தா முழுக்க ஷாம்பூ வாசனை அடிக்கும். கொடியில் ஈரத்துணி சொட்டும். யாராவது ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்னொருத்தி ஸ்கெட்ச் பேனாவால் அதில் எலும்பு வரைவாள். வாசல் கேட்டை ஒட்டி அக்காவின் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, வராந்தாவைப் பார்த்த ஜன்னல். அத்தான் போன பிறகு அதுதான் அவளுக்கு வீடு.

மழைநாள் ஒன்றில், துடைத்து ஈரமாக இருந்த படியில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். வீக்கம் சில நாளில் வடிந்தது. ஆனால் சாவியைத் திருப்பும்போது மட்டும், மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் சுருக்கென்று குத்தும். துணி பிழிந்தாலும், நாற்காலிக் கையில் ஊன்றி எழுந்தாலும் அதே இடம். சும்மா வைத்திருந்தால் கை அப்பாவி போல இருக்கும். அதனாலேயே, ஒன்றுமில்லை என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அந்த விடுதியில் சாவிக்குக் குறைச்சலே இல்லை. வாசல் கேட், மாடிக்கதவு, சாமான் அறை, மருந்து அலமாரி. எல்லாம் துருவேறிய பூட்டுகள், மல்லுக்கட்டினால்தான் திறக்கும். போதாக்குறைக்கு, விடுதிக் கமிட்டிக்குப் புதிதாக ஒரு செயலாளர் அம்மா வந்திருந்தார். முழங்கால் வலி என்று வாயைத் திறந்த வாட்ச்மேனை, ஓய்வெடுங்கள் என்று சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பியவர். பூட்ட முடியாத வார்டனை வைத்துக்கொள்வாரா? வேலை போனால் அறையும் போகும். என் வீட்டுக்கு வந்துவிடேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நான் பட்டது போதும். விருந்தாளியாக வருவாளாம், ஒண்டிக்கொள்ள வரமாட்டாளாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கூடப்பிறந்தவள் வீடு ஒண்டுக்குடித்தனமா?

மருந்துக்கடையில் எலாஸ்டிக் பட்டி வாங்கி மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டாள். கேட்டால் குளிருக்காம். குளிருக்கு ஒரு கைக்கு மட்டும்தான் பட்டி போடுவார்களா என்று கேட்டேன். வலிக்காமல் பூட்ட ஒரு வித்தையும் கண்டுபிடித்திருந்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கையைத் திருப்பாமல் உடம்பையே திருப்புவாள்.

அதில்தான் மாட்டினாள். கடைசி வருஷம் படித்த ஒருத்தி, உயரத்துக்காக எல்லோரும் நெட்டச்சி என்று கூப்பிடுவார்கள், இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் அறைக்குள் வந்து, அனுமதிகூடக் கேட்காமல் அக்காவின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் துருத்தும் எலும்புக்கு அடியில் சுண்டுவிரல் பக்கம் உள்ள சின்னப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அழுத்தக்காரி அலறிவிட்டாள். மறுநாளே நான்கு பெண்கள் சூழ ஆஸ்பத்திரிக்குப் போனாள், கைதி மாதிரி. நானும் கூடப் போனேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு ஒன்றும் இல்லை. பார்த்தாயா என்பது போல அக்கா என்னைப் பார்த்தாள். கை டாக்டர் அசரவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். முன்கையில் இரண்டு எலும்பு. சாவி திருப்பும்போது ஒன்று மற்றதன்மேல் உருளுகிறது. சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் நுனிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே சின்ன மெத்தை போல ஒரு குருத்தெலும்பு. இரண்டு எலும்பையும் விலகாமல் பிடித்து வைக்கும் நாரும் அதோடு சேர்ந்ததுதான். கை ஊன்றி விழுந்ததில் அதன் ஓரம் கிழிந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அது தெரியாது. மூட்டு ஆட்டம் காணவில்லை, அதனால் உடனே கத்தி வைக்க வேண்டாம். ஆனால் ஆறு வாரத்துக்குக் கை திரும்பவே கூடாது. மணிக்கட்டை மட்டும் சுற்றினால் பயனில்லை என்று முழங்கைவரை பிடிக்கும் கெட்டியான பட்டை ஒன்றைப் போட்டுவிட்டார். முழங்கையை மடக்கலாம், நீட்டலாம், கையைத் திருப்ப முடியாது. சாவிக்கொத்து நெட்டச்சியிடம் போனது. அதைக் கொடுக்கும்போது அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே! ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் உள்ளே போனால், பட்டை கட்டில்மேல் கிடக்கிறது. இவள் தன் பெட்டிச் சாவியைப் பூட்டில் விட்டுத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வலி போய்விட்டதா என்று சோதிக்கிறாளாம். தினமும்! நாலு தடவை திருப்பினால்தானே நிச்சயமாகத் தெரியுமாம். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். புண்மேல் காய்ந்த பொருக்கைத் தினம் உரித்துப் பார்த்துவிட்டு ஏன் ஆறவில்லை என்று கேட்பாயா என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாவி கையவிட்டுப் போனா நான் யாருடி இங்க?" என்றாள்.

என் கோபம் சப்பென்று அடங்கிவிட்டது. பட்டையை எடுத்து நானே மாட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் கேட் மூடும் நேரத்தில் செயலாளர் அம்மா வந்து நின்றார். அக்காவை வேலையிலிருந்து தூக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட் திறந்தே இருக்கிறது. பக்கத்தில் சாவிக்கொத்தோடு நெட்டச்சி. வெளியே போய்த் திரும்பிய பெண்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். கேட்தான் திறந்திருக்கிறதே, ஏன் நிற்கிறீர்கள் என்று செயலாளர் அம்மா கேட்டார்.

"வார்டனம்மா இன்னும் எங்களைப் பாக்கலையே மேடம்," என்றாள் ஒருத்தி, இதிலென்ன கேள்வி என்பதுபோல.

அக்கா பட்டை போட்ட கையோடு மெல்ல வந்து கேட்டருகே நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தியிடம் ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். இன்னொருத்தியிடம் சாப்பிட்டாயா, பொய் சொல்லாதே என்றாள். அக்கா தலையசைத்த பிறகுதான் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். செயலாளர் அம்மா ஓரமாக ஒதுங்கி நின்று முழுசும் பார்த்தார். கிளம்பும்போது, கை நல்லா ஆறட்டும், அவசரமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அறைக்குள் வந்ததும் அக்கா உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம். அதற்குப் பிறகு அவள் பட்டையைக் கழற்றவே இல்லை. ஆறு வாரம் முடிந்ததும் டாக்டரே கழற்றினார். அப்புறம் நெட்டச்சியின் மேற்பார்வையில் பயிற்சி. முதலில் வெறுங்கையை மெல்லத் திருப்புவது, பிறகு கரண்டியைப் பிடித்துத் திருப்புவது, பிறகு சின்னச் சுத்தியல். வலி ஒரேயடியாக ஓடிவிடவில்லை. மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

டாக்டர் இனி பூட்டலாம் என்று சொன்ன சாயங்காலம், நெட்டச்சி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா கேட்டை ஒரே ஒரு தடவை பூட்டித் திறந்தாள். வலிக்கவில்லை என்று அவள் முகமே சொன்னது. உடனே கொத்தை நெட்டச்சியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீயே பூட்டுடி. நான் இங்க நின்னு எல்லாரும் வந்தாச்சான்னு பாக்கறேன்."