‘விற்பனை உதவியாளர்’ என்று எழுதிய ஜூலி

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு விதைக் கம்பெனியின் கிளைக்குப் பொறுப்பாக இருந்த நரசிம்மன், இருபத்திரண்டு வருடம் வயல் வயலாகச் சுற்றியவர். வரப்பில் நின்று பேசச் சொன்னால் பொழுது போவதே தெரியாது. மேசையில் உட்காரச் சொன்னால் கொட்டாவி வந்துவிடும். 1991 ஆடி மாதம் கள அலுவலர் வேலைக்குப் பதினான்கு விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தபோது அவர் இரண்டு டீ குடித்த பிறகுதான் முதல் உறையைப் பிரித்தார்.

தலைமை அலுவலகம் கேட்டது மூன்று: வேளாண்மைப் பட்டம், விவசாயிகளைத் தேடிப் போயும் கூட்டம் நடத்தியும் தொடர்பு வைத்திருந்த அனுபவம், பயிர் ஆலோசனை சொன்ன அனுபவம். அனுபவம் இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். நரசிம்மன் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டார். ஒருவர், ‘நூற்றிருபது விவசாயிகள் கூட்டம் நடத்தினேன்’ என்று அழகாகத் தட்டச்சு செய்திருந்தார். என்ன பயிர், என்ன நோய், சொன்ன யோசனை பலித்ததா, ஒன்றும் இல்லை. அவர் பெயருக்கு நேரே கேள்விக்குறி விழுந்தது.

குன்றத்தூர் ஜூலியின் பயோடேட்டா ஒரே பக்கம். வேளாண்மையில் முதல் வகுப்பு. அதன் கீழே, ‘விற்பனை உதவியாளர், உரக்கடை, மணிமங்கலம், இரண்டு வருடம்’. பட்டத்துக்கு ஒரு டிக். மற்ற இரண்டு கட்டமும் காலி. வேண்டாம் என்று ஒதுக்கிய விண்ணப்பங்களோடு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்குச் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. முதல் வகுப்பில் தேறிய பெண் இரண்டு வருடமும் மூட்டை எண்ணிக்கொண்டா இருந்திருப்பாள்?

மறுநாள் காலை ஸ்கூட்டரை மணிமங்கலத்துக்கு விட்டார். ஜூலி அன்று விடுப்பு. கடை முதலாளி கோதண்டராமன், அவள் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதைக் கேட்டதுமே கையெடுத்துக் கும்பிட்டார்.

“கூட்டிக்கினு போயிடுங்க சார்! புண்ணியமா போவும்.”

“ஏங்க, வேலை சரியில்லையா?”

“வேலைக்கு இன்னா கொறை? யாவாரத்துக்குத்தான் கொறை. யூரியா கேட்டு வர்றவன்கிட்ட, ‘பயிரை வேரோட புடுங்கிக்கினு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்’னு அனுப்பிடும். மருந்து கேட்டா, ‘இப்போ வேணாம், இந்தப் பூச்சிக்கு அவசியமில்ல’ன்னும். நான் கடை நடத்தறனா, ஆஸ்பத்திரி நடத்தறனா?”

நரசிம்மனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் பக்கத்தில் விதை நெல் பார்த்துக்கொண்டிருந்த ராஜாமணி என்ற விவசாயி வாயைத் திறந்தார்.

“இன்னா முதலாளி இப்பிடிச் சொல்றே? போன நவரைப் பட்டத்துல என் நெல்லு நாத்து நட்டு மூணு வாரத்துல திட்டுத் திட்டா குட்டையாப் போச்சு, இலையில துரு மாரி புள்ளி. எல்லாரும் யூரியாவைக் கொட்டுன்னாங்க. இந்தப் பொண்ணுதான், துத்தநாகம் கொறைச்சல்னு துத்தநாக சல்பேட்டைத் தண்ணில கரைச்சு அடிக்கச் சொல்லிச்சு. சொன்னதோட வுட்டுச்சா? பத்து நாள் கழிச்சு சைக்கிள்ல வந்து சேத்துல எறங்கிப் பாத்துச்சு சார், அதுக்குள்ள பயிரு பச்சை புடிச்சிருச்சு. அடுத்த நடவுக்கு மணலோட கலந்து அடியிலயே போடு, டி.ஏ.பி. உரத்தோட கலக்காதேன்னும் சொல்லிச்சு.”

“உங்களுக்கு மட்டும்தானா?”

“எங்க தெருவுல ஆறு பேருக்கு. வேற ஊருக்கும் போவுது.”

நரசிம்மன் அங்கேயே சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து ஆலோசனைக் கட்டத்தில் டிக் போட்டார். தொடர்புக் கட்டத்தில் பேனா சற்றுத் தயங்கியது. தனித்தனியாக வயல் தேடிப் போனது உண்மை. நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசியதாக யாரும் சொல்லவில்லை. பாதி டிக் போட்டார்.

நேர்காணலுக்கு ஜூலி வந்தாள். நரசிம்மன் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“வயலுக்குப் போனதையெல்லாம் ஏம்மா எழுதல?”

“சம்பளம் விற்பனைக்குத்தானே சார் கொடுத்தாங்க. போனது நானா போனது. அதை எப்படி வேலைன்னு எழுதுறது?”

“தப்பா சொன்ன யோசனை ஏதாவது உண்டா?”

“உண்டு சார். ஒரு கத்தரித் தோட்டத்துல வாடலை வேர் அழுகல்னு நினைச்சேன். தண்டை வெட்டித் தண்ணில வச்சுப் பாத்ததும் பால் மாதிரி கசிஞ்சுது, பாக்டீரியா வாடல். மறுநாளே போய், சொன்ன மருந்தை வாங்க வேணாம்னு சொல்லிட்டு வந்தேன்.”

“கூட்டத்துல பேசுவியா?”

“பேசினதில்ல. கத்துக்கறேன் சார்.”

தலைமை அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் நரசிம்மன் எதையும் பூசி மெழுகவில்லை. ‘கூட்டம் நடத்திய அனுபவம் இல்லை, ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் என்னோடு வரட்டும். ஆலோசனை சொல்லித் திரும்பப் போய்ப் பார்த்த அனுபவம் மற்ற பதின்மூன்று பேரை விட அதிகம். நேரில் விசாரித்தேன்’ என்று எழுதி, ராஜாமணியின் முகவரியையும் சேர்த்தார்.

புரட்டாசியில் ஜூலிக்கு வேலை உத்தரவு வந்தது. பிள்ளைப்பாக்கத்தில் நடந்த முதல் கூட்டத்தில் ஜூலி எழுதி வைத்திருந்த தாளின் முதல் வரியையே இரண்டு முறை படித்தாள். முன்வரிசையில் ஒரு பெண் வாடிய மிளகாய்ச் செடியைத் தூக்கிக் காட்டினாள். ஜூலி மேடையிலிருந்து இறங்கிப் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வேரைப் பார்க்கத் தொடங்கினாள். கூட்டம் முழுக்க எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டது. பின்னால் நின்ற நரசிம்மனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றார், ஆனந்தமாக.