ஒலியை அணைத்துப் பார்த்த ஆட்டம்

நடுவருக்குப் பகலில் தபால் பிரிக்கும் வேலை. வாரக் கடைசியில் கால்பந்து. பத்தொன்பது வருஷத்தில் எந்தக் கிளப்பிடமும் ஒரு வாய் தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. நாக்கு மட்டும் தேள்கொடுக்கு. அதனால் மரியாதை நிறைய, நண்பர்கள் குறைவு.

அப்படிப்பட்டவரைத்தான் ஓர் ஆட்டத்தில் தோற்ற வெளியூர் அணியின் பயிற்சியாளர் விலைபோனவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

லீக் அலுவலகத்தில் விசாரணை. விசாரித்தவர் நடுவர்களுக்கான மதிப்பீட்டாளர், ஒரு பெண். முன்பு நடுவருக்குக் கீழே எல்லைக்கோட்டில் கொடி பிடித்தவள். "கண்ணு தெரியலைன்னா வீட்ல இரு" என்று ஒருமுறை கூட்டத்தின் முன்னால் அவளை அவர் ஏசியிருந்தார். இருவருமே அதை மறக்கவில்லை.

அவள் அந்த ஆட்டத்திலிருந்து பன்னிரண்டு மோதல்களை மட்டும் வெட்டி எடுத்து, ஒலியை அணைத்துவிட்டுக் காட்டினாள். ஃபவுலா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொன்னாள். அவர் வெடுக்கென்று சொல்லிக்கொண்டே போனார். வெளியூர் ஆட்டக்காரர்கள் மேல் நாலு, உள்ளூர்க்காரர்கள் மேல் ஐந்து. மைதானத்தில் வெளியூர்க்காரர்கள் மேல் அதே நாலுதான் ஊதியிருந்தார். உள்ளூர்க்காரர்கள் மேலோ இரண்டே இரண்டு.

பிறகு ஒலியோடு போட்டாள். உள்ளூர்க்காரன் விழுந்தால் அரங்கமே அலறியது. அவனே இடித்துத் தள்ளினால் கைதட்டல். விசிலை உதடுவரை கொண்டுபோய்த் தாழ்த்துகிற தன்னையே நடுவர் பார்த்தார். உள்ளூர் அணி பின்தங்கியிருந்த ஆட்டங்களில் கடைசியில் அவர் கூடுதலாகக் கொடுத்த நேரமும் அதிகம் என்று அவள் தாளைத் தள்ளினாள்.

"நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல."

"நீட்டலைங்க. நீட்டியிருந்தா தூக்கிட்டு வேற ஆளைப் போட்டிருப்பேன். இது அந்தச் சத்தத்துக்கு நடுவுல நிக்கிற யாருக்கும் வரும். உங்களுக்கு வராதுன்னு நினைச்சீங்க பாருங்க, அதான் கோளாறு."

எதிரே உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் சிரித்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கி வந்த அவருடைய பையன்கள், இறங்கிய அன்றே ஆடியவர்கள். கடைசி அரைமணியில் அவர்கள் கால் ஓடவில்லை. இரண்டு கோலும் அப்போதுதான் விழுந்தன, இரண்டும் சுத்தமான கோல். அதற்கும் நடுவரா பொறுப்பு என்று கேட்டாள். விமான டிக்கெட் லீக் எடுத்துத் தருமா என்று பயிற்சியாளர் சீறிவிட்டு, நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு வெளியேறினார்.

ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. நடுவருக்கு இரண்டு ஆட்டம் ஓய்வு என்றார்கள். கொடிக்காரி பழி தீர்த்துவிட்டாள் என்று மனைவியிடம் பொருமினார். "சரி, அந்த மூணு ஃபவுலையும் நீ ஊதுனியா இல்லியா?" என்று அவள் கேட்டாள்.

திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே உள்ளூர்த் தடுப்பாட்டக்காரனுக்குச் சிவப்பு அட்டை நீட்டினார். உள்ளூர் அணி தோற்றது. ஒரு பாட்டில் வந்து அவர் தோளைப் பதம் பார்த்தது. போலீஸ் வரும்வரை உடைமாற்றும் அறையில் அடைந்து கிடந்தார். மதிப்பீட்டாளர் படிவத்தோடு உள்ளே வந்தபோது, ஒரு நல்ல வார்த்தையை அவர் எதிர்பார்த்தார் என்பதுதான் உண்மை.

"சிவப்பு சரி. ஆனா வெளியூர்க்காரன் ரெண்டு தடவை தள்ளினதை விட்டுட்டீங்க. இப்ப அந்தப் பக்கம் சாயறீங்க."

அவர் படிவத்தைப் பிடுங்கி, காகிதம் கிழியக் கையெழுத்துப் போட்டார். அதன்பின் ஆறு வருஷம் விசில் ஊதினார். அவளிடம் பேசவேயில்லை, ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன் ஆட்டத்தை ஒலி இல்லாமல் போட்டுப் பார்த்தார்.