எழுந்து நின்றதும் குறைந்த சேதாரம்

தையல்காரியின் கை ரவிக்கைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தபோதே அத்தான் வந்து வாசலில் நின்றார். அக்காவின் கணவர். உலகத்தில் தனக்குத் தெரியாத கடை இல்லை என்பவர்.

தன் கணவனின் ஆபரேஷனுக்காக விற்ற பதினாறு கிராம் சங்கிலிக்குப் பதிலாக அதே எடையில் ஒன்று வாங்க, அவள் நான்கு வருஷம் தைத்துச் சேர்த்திருந்தாள். பதினேழரை கிராமின் விலை கையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு காசு இல்லை.

அத்தான் கூட்டிப்போன நகைக்கடையில் ‘செய்கூலி இல்லை’ என்று ஆள் உயரத்துக்குப் பலகை. அதைத் தானே எழுதி மாட்டியவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, குளிர்பானத்தை உறிஞ்சினார்.

கொடிப் பின்னல் போட்ட சங்கிலி ஒன்று பிடித்திருந்தது. எடை பதினாறு கிராம். விற்பனையாளர் எழுதிக் காட்டிய சீட்டில் பதினெட்டே முக்கால் கிராமுக்கும் மேல் விலை போட்டிருந்தது. கேட்டாள். பதினெட்டு சதவீதம் சேதாரமாம். செய்யும்போது உதிர்ந்துபோகும் தங்கமாம்.

“உதிர்ந்தது எங்கே? நான் தைக்கிற துணியில மிஞ்சின துண்டை உடையவங்ககிட்டயே குடுத்துடுறேன். என் தூளைப் பொட்டலம் கட்டுங்க.”

“அதெல்லாம் தர மாட்டாங்கம்மா.”

“காசு மட்டும் வாங்குவீங்க.”

அத்தான் அவள் காதில், பெரிய இடத்தில் இப்படியெல்லாம் பேசக்கூடாது, செய்கூலிதான் வாங்கலையே என்று கிசுகிசுத்தார். கூலி வாங்காமல் இத்தனை பேருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க அந்த மண்டையில் இடம் இல்லை. கூலியைத்தான் சேதாரத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். விற்பனையாளர் உடனே சேதாரம் பதினாலு சதவீதம் என்றார்.

“நான் எழுந்ததுக்கே நாலு சதவீதம் உதிராம நின்னுடுச்சா?”

பதினாலு என்றாலும் பதினெட்டு கிராமைத் தாண்டியது; அவள் படியிறங்கினாள். வழியெல்லாம் அத்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இனி தன் பெயர் அந்தக் கடையில் என்ன ஆகும் என்று புலம்பினார். அந்தக் கடையில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் தனியாக, இரண்டு தெரு தள்ளியிருந்த சின்னக் கடைக்குப் போனாள். உட்காரும் முன்பே, சேதாரம், செய்கூலி, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டாள். மெஷினில் செய்த, வேலைப்பாடு இல்லாத சங்கிலிக்கு மூன்று சதவீதம் சேதாரம், கிராமுக்கு ஒரு சிறு கூலி; வரியோடு பதினேழரை கிராம் விலைக்குள் அடங்கியது. பிறகு விற்றால் தங்கத்துக்குத்தான் காசு, கூலியும் சேதாரமும் திரும்பாது என்று கடைக்காரர் தானாகவே சொன்னார். சங்கிலியில் ஹால்மார்க் முத்திரையைப் பார்த்தாள். தராசில் தன் கண்முன் வைக்கச் சொன்னாள், பதினாறு நின்றது. பில்லில் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்கினாள். சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அது வந்த வெறும் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.