மஞ்சள் தடவிய வாழ்த்து

சித்தப்பா மகள் செல்வி நேற்று ஒரு பழைய அஞ்சலட்டையைக் காட்டினாள். நான்கு மூலையிலும் மஞ்சள் மங்கிக் கிடந்தது.

அந்த மஞ்சளைக் குழைத்துத் தடவியவள் நான். அறுபதுகளில் எங்கள் செஞ்சிக் கடைத்தெரு வீட்டில் நான்தான் கடைசி. அக்காக்கள் என்னை எந்த ஆட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். சித்தப்பாவுக்குப் பெண் பிறந்த சேதி வந்ததும், எனக்கென்று ஒருத்தி வந்துவிட்டாள் என்ற குஷியில் ஒரு வாழ்த்துப் பாட்டைச் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தேன். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்துவர வேண்டுமே!

செஞ்சி மலைக்காற்றே சேதி சொல்லு,
கொஞ்சி மகிழவொரு தங்கை வந்தாள்;
பஞ்சுப் பாதம் நோகாமல்
நெஞ்சில் நடந்து வாடி கண்ணே!

என் எழுத்து பெரிது என்பதால் நைனாவே அட்டையில் பொடியாக எடுத்தெழுதினார். கீழே வயது வரிசையில் பெயர்கள். சின்னக்கா பெயரோடு அட்டை முடிந்துவிட்டது.

"எம் பேரு, நைனா?"

"எடமில்லியே கண்ணு. பாட்டே உன்னுதுதானே."

மறுநாள் அக்கா சிலேட்டைத் துடைத்துவிட்டாள்.

செல்வி அட்டையைத் தடவினாள். "பெரியப்பா எவ்ளோ அழகா பாட்டு கட்டியிருக்காரு பாரு. எல்லாரு பேரும் இருக்குது, உன் பேரு மட்டும் ஏன்க்கா இல்ல?"

"எடம் பத்தல, செல்வி" என்றேன்.