இருநூறு எழுத்துக்குள் ஒரு கேள்வி

நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் செய்து கொடுப்பதுதான் என் வேலை. ஊரார் பயத்தையெல்லாம் மரியாதையான வாக்கியமாக்கித் தருகிறவள் நான். என் பயத்தை எழுத வேண்டி வந்தபோது கை ஓடவில்லை.

தங்கச்சிக்கு பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருந்தது. டிக்கெட்டையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விமானம். பாறசாலை வீட்டில் பெட்டி பாதி நிறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை போனில் பேசிய ஏஜென்ட், "பாங்காக் ஏர்போர்ட்டுக்கு கார் வரும், அங்கிருந்து ஆபீஸுக்கு எட்டு மணி நேரம் ஓட்டம், வழியில் யாரிடமும் பேச வேண்டாம்" என்றான். நகரத்துக்குள் இருப்பதாகச் சொன்ன ஆபீஸுக்கு எட்டு மணி நேரமா? எல்லை தாண்டிக் கொண்டுபோய் அடைத்து வைத்து, போனில் ஆட்களை ஏமாற்றும் வேலை செய்யவைக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தது நினைவுக்கு வந்தது. தங்கச்சியிடம் சொன்னேன்.

"வழியில டிராஃபிக் இருக்குமாக்கும் அக்கா," என்றாள் தங்கச்சி. "ஒனக்கு எல்லாமே தட்டிப்பு, ஏமாத்துன்னுதான் தோணும். எனக்க வேலைய கெடுக்காத."

புதன்கிழமை லிங்க்ட்இன்னில் அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடினேன். முன்பு அங்கே வேலை பார்த்ததாகப் போட்டிருந்தவர்களில் ஒருத்தி தமிழ்ப் பெண். நான்கு மாதம் மட்டும். முன்பின் தெரியாதவள். இணைய விரும்புகிறேன் என்ற அழைப்போடு ஒரு குறிப்பும் சேர்க்கலாம், எனக்குக் கிடைத்த இடம் இருநூறு எழுத்து.

பழக்கதோஷம் விடுமா? "பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களின் சமூகத்திற்கு, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று ஆரம்பித்து, தங்கச்சியின் படிப்பு, எங்கள் கஷ்டம், எப்படியாவது காப்பாற்றித் தர வேண்டும் என்று அடுக்கப் பார்த்தேன். காப்பாற்று என்பதற்குள் எழுத்து தீர்ந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். காப்பாற்றச் சொல்லி ஒரு அந்நியர் எழுதினால் நானே பயந்து மூடிவிடுவேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்:

"வணக்கம். நீங்கள் வேலை பார்த்த கம்பெனி என் தங்கச்சிக்கு வேலை தந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விமானம். ஆபீஸ் பாங்காக் நகரத்துக்குள்தானா? ஆம், இல்லை என்று ஒரு சொல் போதும்."

அனுப்பிய பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. அது மோசமான இடமென்றால் அந்தப் பெயரை இவள் ஏன் இன்னும் தன் லிங்க்ட்இன் பக்கத்தில் வைத்திருக்கிறாள்? எவளாவது வைப்பாளா? அப்படியானால் இவளும் அவர்கள் ஆள்தான். என் பெயர், போட்டோ, ஊர் எல்லாம் அவள் கையில். தங்கச்சி புறப்படும் நாளையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வாயில் மண்.

குறிப்பைத் திரும்பப் பெற வழி இருந்தது. ஆனால் பெற்றுவிட்டால் அதே ஆளுக்கு மூன்று வாரம்வரை மறுபடி அனுப்ப முடியாது என்று தெரியும். எங்களிடம் இருந்தது இரண்டு நாள். யாருடைய சொத்துத் தகராறையோ டைப் செய்துகொண்டே பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போனைப் பார்த்தேன். சர்வே நம்பரை இரண்டு முறை தப்பாக அடித்தேன். அந்தப் பெயரருகே, அழைப்பை இன்னும் ஏற்கவில்லை என்று சொல்லும் 'நிலுவை' அப்படியே நின்றது.

வியாழக்கிழமை காலை தங்கச்சிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஆருன்னே தெரியாதவகிட்ட எனக்க காரியத்தச் சொல்லுவியா? அவங்க டிக்கெட்ட கேன்சல் பண்ணினா?"

"பண்ணட்டும் மக்கா," என்றேன். "இன்னைக்கு ஒரு நாளு பொறு."

"பதிலு வரல்லன்னா நான் போவேன். கேட்டியா?"

கேட்டேன். அவள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். பிடித்து வைக்க என்னிடம் சந்தேகத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் சோறு போடும்போது போனில் அறிவிப்பு ஒலித்தது. இணையும் அழைப்பை அந்தப் பெண் ஏற்றுக்கொண்டிருந்தாள். கீழே ஒரே ஒரு சொல்: "இல்லை."

நான் கரண்டியைக் கீழே வைப்பதற்குள் அடுத்தது வந்தது. "அனுப்பாதீங்க. கார்ல ஏத்தி ராத்திரியில ஆத்தைத் தாண்டிக் கொண்டு போனாங்க. நாலு மாசம் கழிச்சுத்தான் வெளிய வந்தேன். அந்தப் பேரை எடுத்துடுன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. போகப்போற யாராவது பார்த்து ஒரு வார்த்தை கேட்பாங்கன்னுதான் எடுக்காம வச்சிருக்கேன். நீங்கதான் முதல் ஆள்."

போனைத் தங்கச்சியிடம் நீட்டினேன். ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். பெட்டிப் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா," என்றாள், "முதல் ஆளுன்னா... இதுக்கு முன்ன போனவங்க ஆருமே கேக்கலியா?"